கல்லாவில் 600 ரூபாய் குறைந்தால்: ஒன்றும் ஏழும், பூஜ்யமும் ஆறும்

வாசகர் கடிதம்

ஐயா, மளிகை மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். லைன் வசூலுக்குப் போகும் இருவர் மாலையில் கொண்டுவரும் சீட்டுகளைப் பார்த்துச் சிட்டையில் பதிந்து, கல்லாவோடு ஒத்துப் பார்ப்பது என் வேலை. கடந்த ஜனவரி 27 அன்று ரொக்கம் 600 ரூபாய் குறைந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் 5,400 ரூபாய் குறைந்தது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கும், வகுபடாவிட்டால் பணம் போய்விட்டது என்று பொருள் என்கிறார் மூத்த கணக்கர். 600 வகுபடவில்லை. 5,400 வகுபட்டது, ஆனால் இடம் மாறிய எண் எதுவும் கிடைக்கவில்லை. முதலாளி 5,400 ரூபாயைச் சம்பளத்தில் பிடிப்பதாகச் சொல்கிறார். 600 ரூபாயை நானே கல்லாவில் போட்டுவிட்டேன். சீட்டில் ஒன்றும் ஏழும், பூஜ்யமும் ஆறும் ஒரே மாதிரி இருக்கின்றன. இனி ஏழின் குறுக்கே கோடு போட்டால் போதுமா? வங்கிக் கணக்கு எண்களிலும் இதே குழப்பம் வருகிறது. சீட்டுகளின் படிகளை இணைத்துள்ளேன்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூத்த கணக்கர் சொன்ன ஒன்பதின் விதி சரியானதுதான். ஆனால் அது எல்லா வகைப் பிழையையும் காட்டும் விதி அல்ல. 45 என்பதை 54 என்று எழுதினால் வித்தியாசம் 9. 450 என்பதை 540 என்று எழுதினால் 90. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். ஒரு இலக்கத்தை இன்னொன்றாகப் படித்துவிடுவது வேறு வகைப் பிழை. அதற்கு ஒன்பதோடு தொடர்பில்லை. ஆகவே "வகுபடவில்லை, எனவே பணம் போய்விட்டது" என்ற முடிவு தவறானது. அந்த வித்தியாசம் இடமாற்றப் பிழையால் மட்டும் வந்ததல்ல என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கண் நின்ற இடம் 600 என்ற எண்தான். ஏழிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஆறு. ஆறிலிருந்து பூஜ்யத்தைக் கழித்தாலும் ஆறு. கையெழுத்தில் அதிகம் குழம்பும் இந்த இரண்டு ஜோடிகளும் ஒரே வித்தியாசத்தைத் தருகின்றன. குழப்பம் ஒன்றாம் இடத்தில் நேர்ந்தால் கணக்கு 6 ரூபாய் தவறும். பத்தாம் இடத்தில் 60, நூறாம் இடத்தில் 600, ஆயிரமாம் இடத்தில் 6,000. இப்படி ஒற்றை ஆறும் அதன் பின் பூஜ்யங்களுமாக ஒரு வித்தியாசம் வந்தால், கல்லாவைச் சந்தேகிக்கும் முன் சீட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ஜனவரி 27: எங்கே தேடுவது

தேடத் தொடங்கும் முன் இரண்டு எளிய காரணங்களை விலக்கிவிடுங்கள். அன்றைய தாளில் சரியாக 600 ரூபாய்க்கு ஒரு வரவு இருமுறை பதிவாகியிருக்கிறதா, அல்லது 600 ரூபாய்ச் செலவு ஒன்று விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 300 ரூபாய்ச் செலவு ஏதாவது தவறி வரவுப் பக்கத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கம் மாறினால் வித்தியாசம் இரட்டிப்பாகும் என்பதால் பாதித் தொகையைத் தேட வேண்டும். நீங்கள் அனுப்பிய படிகளில் இவை இரண்டும் இல்லை.

இனி திசையைக் கவனியுங்கள். ரொக்கம் குறைகிறது என்றால் சிட்டையில் வரவு கூடுதலாக எழுதப்பட்டிருக்கலாம். கூடுதல் 600 என்பதால் தவறு நூறாம் இடத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் ஒன்றாக இருக்க வேண்டியது ஏழாகவோ, பூஜ்யமாக இருக்க வேண்டியது ஆறாகவோ சிட்டையில் ஏறியிருக்க வேண்டும். எனவே எல்லா வரிகளையும் மறுபடி படிக்கத் தேவையில்லை. சிட்டையில் நூறாம் இடத்தில் 7 அல்லது 6 உள்ள வரிகளை மட்டும் எடுத்துச் சீட்டோடு ஒப்பிட்டால் போதும். ரொக்கம் மிகுந்திருந்தால் இதற்கு நேர்மாறாக, நூறாம் இடத்தில் 1 அல்லது 0 உள்ள வரிகளைப் பார்க்க வேண்டும்.

அன்று உங்கள் சிட்டையில் ஐந்து வரவுகள் உள்ளன: 4,180, 2,760, 1,750, 3,705, 6,420. கூட்டினால் 18,815. கல்லாவில் இருந்தது 18,215. நூறாம் இடத்தில் 7 உள்ளவை 2,760, 1,750, 3,705 ஆகிய மூன்று. ஆறு உள்ளது ஒன்றுமில்லை. இந்த மூன்று சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். முதலாவதிலும் மூன்றாவதிலும் ஏழு தெளிவாக இருக்கிறது. நடுவில் உள்ள சீட்டில் நூறாம் இடத்து இலக்கம் ஐயத்துக்குரியது. அது ஒன்று என்றால் தொகை 1,150 ஆகும். மொத்தம் 18,215 ஆகிக் கல்லாவோடு ஒத்துப்போகும்.

ஒத்துப்போகிறது என்பதாலேயே அதை ஒன்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேண்டிய விடை தெரிந்த பிறகு கண் அதையே காணும். அதனால் அந்தச் சீட்டிலேயே சாட்சி தேடினேன். தேதியை அவர் 27-01-2026 என்று தம் கையால் எழுதியிருக்கிறார். அதில் ஏழும் உண்டு, ஒன்றும் உண்டு, பூஜ்யமும் ஆறும் உண்டு. எது எந்த இலக்கம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. சீட்டில் உள்ள தேதி அந்தக் கைக்கு ஓர் அரிச்சுவடி. தேதியில் அவர் ஒன்றுக்கு இடப்பக்கம் நீண்ட கொக்கி போட்டிருக்கிறார். ஏழின் தலைக்கோட்டையோ கிடையாக, கூர்மையான மூலையோடு எழுதியிருக்கிறார். ஐயத்துக்குரிய இலக்கத்தில் மூலை இல்லை, சாய்ந்த கொக்கிதான் இருக்கிறது. அது அவருடைய ஒன்று.

இதுவும் வலுவான ஊகம்தான், முடிவு அல்ல. உங்களிடம் இருப்பது கார்பன் படி. அசல் வாங்கிய கடைக்காரரிடம் இருக்கிறது. அசலில் 1,150 என்று இருந்தால் விஷயம் முடிந்தது. அசலில் 1,750 என்று தெளிவாக இருந்து, கடைக்காரரும் அவ்வளவு கொடுத்ததாகச் சொன்னால், கேள்வி உங்களைவிட்டு வசூலித்தவரிடம் போகிறது. எது என்று தெரியும்வரை யாரையும் குற்றம் சொல்லாதீர்கள், நீங்களும் குற்றத்தை ஏற்காதீர்கள். அசலைப் பார்க்கும்போது "1,150 தானே கொடுத்தீர்கள்?" என்று கேட்க வேண்டாம். சீட்டைக் காட்டச் சொல்லி, எவ்வளவு என்று அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

5,400 ஏன் அகப்படவில்லை

ஆயிரமாம் இடமும் நூறாம் இடமும் மாறினால் 5,400 வரலாம். 1,750 என்பது 7,150 ஆனால் அதே வித்தியாசம்தான். அதனால் நீங்கள் இடமாற்றத்தைத் தேடியது முறையானதே. ஆனால் 5,400 என்பது 6,000-த்திலிருந்து 600-ஐக் கழித்தாலும் வரும். இரண்டு வெவ்வேறு சீட்டுகளில் எதிரெதிர்த் திசையில் நேர்ந்த இரண்டு ஒன்று-ஏழு குழப்பங்கள் சேர்ந்து, ஒரே இடமாற்றப் பிழைபோல வேடம் போடும்.

ஆகவே அன்றைய சிட்டையில் ஆயிரமாம் இடத்தில் 7 அல்லது 6 உள்ள வரிகளையும், நூறாம் இடத்தில் 1 அல்லது 0 உள்ள வரிகளையும் தனித்தனியே எடுத்தேன். நீங்கள் 7,250 என்று பதிந்த சீட்டு 1,250 என்று படிக்கத்தக்கதாக இருக்கிறது. அங்கே 6,000 கூடியிருக்கிறது. 2,140 என்று பதிந்த சீட்டில் உள்ளது 2,740 போலத் தெரிகிறது. அங்கே 600 குறைந்திருக்கிறது. நிகரக் கூடுதல் 5,400. இவ்விரண்டு அசல்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த நாளிலிருந்து உங்களுக்கு இன்னொன்றும் விளங்கியிருக்கும். ஒரு சீட்டில் 600 கூடி, இன்னொன்றில் 600 குறைந்தால் கல்லா சரியாக ஒத்துப்போகும், நீங்களும் நிம்மதியாக வீட்டுக்குப் போவீர்கள். ஆனால் பேரேட்டில் ஒருவருக்கு 600 அதிகமாக வரவு வைத்திருப்பீர்கள், மற்றவருக்கு 600 குறைவாக. குறைந்தவர் ஒருநாள் சண்டைக்கு வருவார். கூடியவர் பெரும்பாலும் தாமாக வந்து சொல்ல மாட்டார். கல்லா ஒத்துப்போவது மொத்தத்துக்குச் சான்று. ஒவ்வொரு வரிக்கும் அது சான்றாகாது.

எழுத்தில் எங்கே பிசகுகிறது

ஒன்றை வெறும் குத்துக்கோடாக எழுதுபவர் உண்டு. மேலே கொக்கி போட்டு எழுதுபவரும் உண்டு. கொக்கி சிறிதாகவும் கீழ்நோக்கியும் இருக்கும்வரை சிக்கலில்லை. அவசரத்தில் அது நீண்டு கிடையாகப் படுக்கும்போது ஏழாகிவிடுகிறது. மறுபுறம், ஏழின் தலைக்கோடு குறுகி, மூலை மழுங்கினால் அது ஒன்றாகத் தெரிகிறது. அதாவது இவ்விரண்டையும் பிரிப்பது தலைக்கோட்டின் நீளம், சாய்வு, மூலை ஆகிய மூன்றும்தான். கார்பன் படியில் முதலில் மங்குவது இந்த மெல்லிய தலைக்கோடே. எழுதுகோலை அழுத்தி இழுப்பது கீழ்நோக்கிய கோட்டில்தான் என்பதால் தண்டு பதியும், தலை பதியாது. ஆகவே படியில் ஏழு ஒன்றாக மாறுவதற்கு எப்போதும் வாய்ப்புண்டு.

பூஜ்யமும் ஆறும் குழம்புவது சுழியை மூடும் இடத்தில். பூஜ்யத்தை மேலிருந்து தொடங்கி ஒரே வீச்சில் சுற்றும்போது முனைகள் சந்திக்காமல், தொடக்கம் மேலே வாலாக நீட்டிக்கொண்டாலும், முடிவு உள்ளே புகுந்தாலும் அது ஆறாகத் தெரியும். ஆறின் தண்டு குட்டையாகி, சுழி முழு உயரத்துக்கும் ஏறினால் பூஜ்யமாகத் தெரியும். ஆறின் சுழி எப்போதும் கீழ்ப்பாதியில் அடங்க வேண்டும், தண்டு பக்கத்து இலக்கங்களைவிடச் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். பூஜ்யம் வாலில்லாமல் மூடியிருக்க வேண்டும்.

ஏழின் குறுக்கே கோடு

இந்தப் பழக்கம் ஐரோப்பாவின் பல நாடுகளில் உண்டு. அங்கே ஒன்றை நீண்ட கொக்கியோடு எழுதுவதால் ஏழுக்குத் தனி அடையாளம் தேவைப்படுகிறது. நீங்கள் மட்டும் இதைக் கைக்கொள்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. உங்கள் கண் கோடுள்ளதே ஏழு என்று பழகிவிடும். அதன்பின் லைன் ஆட்கள் கோடில்லாமல் எழுதும் ஏழையெல்லாம் ஒன்று என்று படிக்கத் தொடங்குவீர்கள். சீட்டை எழுதுகிற இருவரும், அவர்கள் விடுப்பில் போனால் வருபவரும் உட்பட எல்லோரும் கோடு போடுவதானால் தொடங்குங்கள். இல்லையென்றால் கொக்கியில்லாத நேர்க்கோட்டு ஒன்றை எழுதச் சொல்வது இன்னும் எளிது. பூஜ்யத்தின் நடுவே சாய்கோடு போடுவது ஆங்கில எழுத்து 'ஓ'விலிருந்து பிரிப்பதற்கான வழக்கம். ஆறு-பூஜ்யக் குழப்பத்துக்கு அது மருந்தல்ல; கார்பன் படியில் எட்டாகவும் தெரியக்கூடும்.

ஒரு எச்சரிக்கை. தவறாக எழுதிய ஒன்றின்மேல் கோடு இழுத்து ஏழாக்குவதை யாருக்கும் அனுமதிக்காதீர்கள். தொகையைக் கூட்டி எழுதும் மோசடிக்கு மிக எளிய வழியும் இதுவே என்பதால், நேர்மையான திருத்தமும் தணிக்கையில் சந்தேகத்துக்கு உள்ளாகும். முழு எண்ணையும் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் புதிதாக எழுதி, கையொப்பமிட வேண்டும்.

சீட்டே தன்னைச் சரிபார்க்கட்டும்

அழகான எழுத்தை நம்பி ஒரு கணக்கை நடத்த முடியாது. ஒரே தொகை இரண்டு வேறு வழிகளில் சீட்டில் இருந்தால்தான் ஒன்று மற்றொன்றைச் சரிபார்க்கும். உங்கள் கடைக்கு நான் சொல்வது இரண்டு வழிகள்.

முதலாவது, தொகைக்கு மேலே பழைய பாக்கியும் கீழே மீதியும் எழுதச் சொல்லுங்கள். பழைய பாக்கி 4,300, வரவு 1,150, மீதி 3,150 என்று இருக்கிறது என்று வையுங்கள். வரவை நீங்கள் 1,750 என்று படித்தால் மீதி 2,550 ஆக வேண்டும். சீட்டில் அது இல்லை. மீதியில் உள்ள ஒன்றையும் ஏழாகப் படித்து 3,750 என்று கொண்டாலும் கணக்கு வராது. இரண்டு இடத்திலும் தவறாகப் படித்தும் கழித்தல் சரியாக அமைவது மிக அரிது. பழைய பாக்கி உங்கள் பேரேட்டிலும் இருப்பதால், இது வாடிக்கையாளர் கணக்கையும் அங்கேயே ஒத்துப் பார்த்துவிடும். மேலே சொன்ன, ஒன்றையொன்று விழுங்கும் பிழைகளையும் இதுதான் பிடிக்கும்.

இரண்டாவது, சீட்டின் பின்புறம் நோட்டு விவரம். 1,150 என்றால் ஐந்நூறு இரண்டு, நூறு ஒன்று, ஐம்பது ஒன்று. 1,750 என்றால் ஐந்நூறு மூன்று, இருநூறு ஒன்று, ஐம்பது ஒன்று. இரண்டும் ஒன்றுபோல் தோன்ற வழியே இல்லை.

பெரிய தொகைகளை எழுத்தாலும் எழுதச் சொல்லலாம். நூறும் எழுநூறும், ஆயிரமும் ஏழாயிரமும் எந்தக் கையெழுத்திலும் குழம்பா. காசோலையில் தொகையை எழுத்தாலும் எழுதுவதற்குச் சட்டத்தின் துணையே உண்டு: 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 18-இன்படி, எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே கொள்ளப்படும். ஆனால் தொலைபேசியில் நிலைமை தலைகீழ். அறுபதும் எழுபதும், அறுநூறும் எழுநூறும் காதில் ஒன்றாகவே விழும். அங்கே "ஒன்று, ஏழு, ஐந்து, பூஜ்யம்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

வங்கிக் கணக்கு எண்கள்

இங்கே மேற்சொன்ன எந்த முறையும் பயன்படாது. கணக்கு எண்ணைக் கூட்டிப் பார்க்க மொத்தம் எதுவும் இல்லை. இணைய வங்கியில் எண்ணை இருமுறை தட்டச்சிடச் சொல்வது உங்கள் விரல் பிசகைத்தான் பிடிக்கும். சீட்டில் உள்ள ஒன்றை ஏழு என்று படித்துவிட்டவர் இரண்டு முறையும் ஏழையே அடிப்பார். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பணம் கணக்கு எண்ணைக் கொண்டே வரவாகும். பெயர் பொருந்தாவிட்டால் வங்கி தானாக நிறுத்திவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. எனவே கையால் எழுதிய கணக்கு எண்ணை ஏற்கவே வேண்டாம். ரத்து செய்த காசோலை அல்லது வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தின் படியைக் கேளுங்கள். அதில் எண் அச்சில் இருக்கும். அனுப்பும் முன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை இவ்விரு முறைகளுக்கும் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் அறிவுறுத்தியது. உங்கள் வங்கியில் அதைப் பயன்படுத்துங்கள். ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் முதல் நான்கும் எழுத்துகள். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ஆறோ 'ஓ'வோ தெரிந்தால் அது பூஜ்யமே.

நீங்கள் போட்ட 600, அவர் பிடிக்கப் போகும் 5,400

கைக்காசைப் போட்டது நல்லெண்ணத்தால்தான் என்று அறிவேன். ஆனாலும் அது தவறு. வித்தியாசம்தான் பிழையைக் காட்டிக்கொடுக்கும் தடயம். காசைப் போட்டதும் தடயம் மறைந்துவிடுகிறது. அன்றே மாலை உங்கள் மூத்த கணக்கர் அறிய, 600 ரூபாயைச் சஸ்பென்ஸ் கணக்கில் எழுதி வைத்திருக்க வேண்டும். இப்போது அசலில் 1,150 என்று உறுதியானால், கல்லாவில் 600 மிகுதியாக நிற்கும். திருத்தப் பதிவு எழுதி, அந்த 600-ஐ வவுச்சர் போட்டு நீங்கள் திரும்பப் பெறலாம். அதே பதிவில் அந்தக் கடைக்காரர் கணக்கில் கூடுதலாக வைத்த வரவையும் குறைக்க மறக்க வேண்டாம்.

சம்பளப் பிடித்தம் குறித்து, உங்கள் முதலாளியின் கோபம் புரிகிறது. ஆனால் ஊதியச் சட்டத்தில், பண இழப்புக்காகப் பிடிப்பதற்கு அந்த இழப்பு ஊழியரின் கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக நேர்ந்திருக்க வேண்டும். பிடிக்கும் முன் அவர் விளக்கம் சொல்ல வாய்ப்பும் தரப்பட வேண்டும். உங்கள் நாளில் இழப்பு நேர்ந்ததா என்பதே இன்னும் நிலைநாட்டப்படவில்லை. கல்லாவில் வராத பணத்தைச் சிட்டை வந்ததாகக் காட்டியிருந்தால், குறைந்தது ரொக்கம் அல்ல. சட்டத்தை முன்னே வைத்துப் பேசாமல், 7,250 சீட்டையும் 2,140 சீட்டையும் அவர் மேசையில் வைத்து, இரண்டு கடைக்காரர்களிடமும் அசல் பார்க்க ஆளை அனுப்பும்படி கேளுங்கள். அசல்கள் வந்து சேரும்வரை பிடித்தத்தை நிறுத்திவைக்கும்படி எழுத்தில் கொடுத்து, ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் பிடித்தால் மாவட்டத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம். அந்த இரு நாட்களின் கார்பன் படிகளைத் தனி உறையில் போட்டு, தேதி எழுதி, பூட்டில் வைத்திருங்கள்.